60 மீட்டர் காரிடாரும் தரையில் ஊர்ந்த எறும்புகளும்

கட்டி முடிக்காத ஒரு கட்டடத்துக்குள் முன்கூட்டியே நடந்து பார்ப்பதற்காக, பிரவுசரில் ஓடும் முப்பரிமாண மாதிரி ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். தரைத்தளத்தில் ஒரு நீண்ட காரிடார். அகலம் 2 மீட்டர், நீளம் 60 மீட்டர். தரையில் கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி வரும் டைல்ஸ், ஒவ்வொன்றும் 25 சென்டிமீட்டர் சதுரம். டைல்ஸுக்கு இடையில் 4 மில்லிமீட்டர் சாம்பல் நிற ஜாயிண்ட். இரண்டு ஓரத்திலும் காரிடார் நெடுக ஓடும் 10 சென்டிமீட்டர் சிவப்புப் பட்டை.

முதல்முறை திரையில் போட்டுக் காட்டியபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த சிவில் இன்ஜினீயர் சுவரையும் பார்க்கவில்லை, விளக்குகளையும் பார்க்கவில்லை. திரையின் நடுப்பகுதியை விரலால் காட்டி, "தம்பி, அங்க தூரத்துல தரை முழுக்க எறும்பு ஊர்ற மாதிரி இருக்கே, அது என்ன?" என்று கேட்டார்.

அவர் சொன்ன உவமை அவ்வளவு சரி. நான் நின்றால் எறும்புகளும் நின்றன. ஓரடி எடுத்து வைத்தால் தூரத்துத் தரை முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாகக் கொதித்தது. நின்றபோதும் படம் சரியாக இல்லை: ஏறத்தாழ 27 மீட்டர் தூரத்தில், இருக்கவே முடியாத அளவுக்குப் பெரிய டைல்ஸ் தெரிந்தன. பக்கத்தில் இருப்பதைவிடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரிந்தால் அது கண்ணுக்கு உறுத்தாமல் இருக்குமா?

என் முதல் சந்தேகம் படத்தின் ஓரங்களைச் சீராக்கும் வசதிமேல் விழுந்தது. `antialias: true` என்று போட்டேன். கதவு நிலைகளின் விளிம்பில் இருந்த படிக்கட்டுப் பல்வரிசை மறைந்தது. தரை அப்படியே கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வசதி ஒரு முக்கோணத்தின் விளிம்பு பிக்சலை எவ்வளவு மறைக்கிறது என்று பல புள்ளிகளில் சோதிக்கும். ஆனால் ஒரு முக்கோணத்துக்காக அந்தப் பிக்சலின் நிறத்தை ஒரே முறைதான் கணக்கிடும். எனக்குத் தொல்லை தந்தது முக்கோணத்தின் விளிம்பு அல்ல, அதன் மேல் ஒட்டிய படம்.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைப்பதெல்லாம் அந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான்.

திரையில் மேலிருந்து கீழாக 1080 பிக்சல். பார்வைக் கோணம் செங்குத்தாக 60 டிகிரி. கண்ணுக்கு முன்னால் பிக்சல்களால் ஆன ஒரு ஜன்னல் நிற்பதாக வைத்துக்கொண்டால், கண்ணுக்கும் அந்த ஜன்னலுக்கும் உள்ள தூரம், பிக்சல் கணக்கில், 540-ஐ 30 டிகிரியின் டேஞ்சண்டால் வகுத்தால் வரும்: ஏறத்தாழ 935. இதை f என்போம். நடப்பவரின் கண் உயரம் h, 1.6 மீட்டர். கண்ணிலிருந்து z மீட்டர் முன்னால் இருக்கும் தரையைப் பார்க்கும் பிக்சலை எடுத்துக்கொள்வோம். அந்தப் பிக்சலின் நான்கு மூலைகள் வழியாகக் கண்ணிலிருந்து நான்கு நூல்களைத் தரைவரை இழுத்தால், தரையில் அது பிடிக்கும் இடத்தின் அளவு இப்படி வரும்:

```
அகலம்          = z / f
நீளம்           = z² / (f × h)
நீளம் ÷ அகலம்  = z / h
```

அகலம் தூரத்தோடு சேர்ந்து வளர்கிறது. நீளமோ தூரத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. மூன்றாவது வரிதான் எனக்குக் கிடைத்த புதையல். பிக்சல் தரையில் பதிக்கும் தடம் எத்தனை மடங்கு நீண்டது என்பதைத் தீர்மானிப்பது தூரமும் கண் உயரமும் மட்டுமே. திரை எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு அதில் இடமே இல்லை. இந்த வரிக்கு மறுபடியும் திரும்பி வருகிறேன்.

16 மீட்டரில் ஒரு பிக்சலின் தடம் 1.7 சென்டிமீட்டர் அகலம், 17 சென்டிமீட்டர் நீளம். 60 மீட்டரில் 6.4 சென்டிமீட்டர் அகலம், 2.4 மீட்டர் நீளம். காரிடாரின் கடைசியில் ஒரே ஒரு பிக்சலுக்குள் வரிசையாக ஒன்பது பத்து டைல்ஸ் அடங்கிக் கிடக்கின்றன.

என் தரைப் படம் 1024-க்கு 1024. அது 2 மீட்டர் சதுரத்தை மூடுகிறது. பிறகு திரும்பத் திரும்ப வரும். அதாவது ஒரு மீட்டருக்கு 512 டெக்செல். படத்தில் உள்ள புள்ளியை டெக்செல் என்பார்கள்; திரையில் உள்ளது பிக்சல். 60 மீட்டரில் ஒரு பிக்சலின் தடத்துக்குள் அகலவாட்டில் 33, நீளவாட்டில் ஏறத்தாழ 1230 டெக்செல் வருகிறது. பெருக்கினால் 40,000-க்கும் மேல். நான் அப்போது வைத்திருந்த அமைப்பில், திரையில் படத்தை வரையும் சிப்பான ஜிபியு அவற்றில் நடுவில் உள்ள 4 டெக்செலை மட்டும் எடுத்து, கலந்து, இதுதான் நிறம் என்று தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தது. அந்த நான்கும் கறுப்பு டைலில் விழுந்தால் பிக்சல் கறுப்பு, வெள்ளையில் விழுந்தால் வெள்ளை. உண்மையான பதில் இரண்டும் கலந்த சாம்பல்.

எறும்பு எப்படிப் பிறக்கிறது என்பதை இப்போது சொல்லிவிடலாம். நடப்பவர் நொடிக்கு 1.4 மீட்டர் போகிறார். அவரோடு சேர்ந்து, ஒவ்வொரு பிக்சலும் பார்க்கும் தரைப்புள்ளியும் அதே வேகத்தில் முன்னால் நகர்கிறது. 25 சென்டிமீட்டருக்கு ஒருமுறை டைல் மாறுவதால் ஒவ்வொரு பிக்சலும் நொடிக்கு 5.6 முறை கறுப்பிலிருந்து வெள்ளைக்கோ வெள்ளையிலிருந்து கறுப்புக்கோ தாவுகிறது. பக்கத்துத் தரையிலும் இதேதான் நடக்கிறது! ஆனால் அங்கே ஒரு டைலுக்குள் பல வரிசைப் பிக்சல்கள் இருப்பதால் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஒழுங்காக மாறுகின்றன. கண் அதை டைல் நகர்வதாகப் படித்துக்கொள்கிறது. தூரத்தில் அடுத்தடுத்த வரிசைகளுக்கு இடையே பல டைல்ஸ் தாண்டிப் போய்விடுவதால் ஒரு வரிசை மாறும் நேரத்துக்கும் அடுத்த வரிசை மாறும் நேரத்துக்கும் சம்பந்தமே இருப்பதில்லை. அதே தாவல்தான், ஒழுங்கு போனதும் அது கொதிப்பாகத் தெரிகிறது.

27 மீட்டரில் தெரிந்த ராட்சச டைல்ஸுக்கும் இதே கணக்கில் பதில் இருந்தது. ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் சேர்ந்த ஒரு சுற்று 50 சென்டிமீட்டர். அதைப் பிரித்துக் காட்ட ஒரு சுற்றுக்குக் குறைந்தது இரண்டு பிக்சலாவது வேண்டும். அப்படியானால் பிக்சலின் நீளம் 25 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது, அது 19.3 மீட்டர் தூரத்தில் தாண்டிவிடுகிறது. 27.3 மீட்டரில் பிக்சலின் நீளம் சரியாக 50 சென்டிமீட்டர் ஆகிறது. அப்போது ஒவ்வொரு வரிசையும் ஒரு முழுச் சுற்றைத் தாண்டித் தாண்டி அதே இடத்தையே பார்க்கிறது: கறுப்பு, கறுப்பு, கறுப்பு. பத்துப் பதினைந்து வரிசைகள் சேர்ந்து ஒரே நிறமாக நின்றால் அது பெரிய டைல்போலத்தானே தெரியும்? 38.7 மீட்டரில், பிக்சல் ஒரு மீட்டர் ஆகும்போது, அதே பேய் மறுபடியும் தோன்றியது. தொலைக்காட்சியில் நெருக்கமான கட்டம் போட்ட சட்டையோடு ஒருவர் வந்து உட்கார்ந்தால் அவர் தோளில் அலையலையாக ஓடுமே, அதன் உடன்பிறப்புதான் இது.

திரையைப் பெரிதாக்கினால் போய்விடாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். குறுக்கும் நெடுக்கும் இரட்டிப்பான 2160 வரித் திரையில் போட்டுப் பார்த்தால் f இரண்டு மடங்காகிறது. நீளம் வர்க்கத்தில் வளர்வதால் எல்லை 19.3 மீட்டரிலிருந்து 27.3 மீட்டருக்குத்தான் தள்ளிப்போகிறது. நான்கு மடங்கு பிக்சல் கொடுத்து எட்டு மீட்டர் வாங்கலாம். ஜாயிண்ட் கோடுகளுக்கு அதுவும் அதிகம் உதவாது. திரையின் அடி ஓரத்தில் தெரியும் தரை 2.8 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. 1080 வரித் திரையில் அங்கேயே பிக்சலின் நீளம் 5 மில்லிமீட்டர். 4 மில்லிமீட்டர் ஜாயிண்ட் முதல் வரிசையிலேயே பிக்சலைவிட மெல்லியது.

ஆக, நான் ஒரு பரப்பைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியை ஒரு புள்ளியிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். 40,000 டெக்செலையும் கூட்டி வகுத்தால் சரியான விடை கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு பிக்சலுக்கும், நொடிக்கு 60 முறை அதைச் செய்ய முடியாது.

1983-ல் நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் இருந்த லான்ஸ் வில்லியம்ஸ், கணினி வரைகலைக்கான சிக்ராஃப் மாநாட்டில் வெளியிட்ட ஆய்வுரையில் தந்த விடை, கூட்டலை முன்கூட்டியே செய்து வைத்துவிடு என்பது. 1024 அளவுப் படத்தில் நான்கு நான்கு டெக்செலாகச் சேர்த்துச் சராசரி எடுத்தால் 512 அளவுப் படம். அதிலிருந்து 256, பிறகு 128, இப்படியே 1-க்கு 1 வரை. மொத்தம் 11 படிகள், மூலப் படத்தை 0-வது படி என்று எண்ணினால் கடைசி 10-வது. ஒவ்வொரு படியும் முந்தையதில் கால் பங்குதான் இடம் பிடிக்கும் என்பதால் எல்லாம் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு கூடுதல்: 4 எம்பி படம் 5.33 எம்பி ஆகிறது. சிறிய இடத்தில் பலவும் என்று பொருள்படும் 'மல்ட்டும் இன் பார்வோ' என்ற லத்தீன் தொடரின் முதலெழுத்துகளால் அவர் இதை மிப் என்றார். 3-வது படியில் ஒரு டெக்செலைத் தொட்டால் அதற்குள் மூலப் படத்தின் 64 டெக்செலின் சராசரி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு முறை தொடுவதில் ஒரு பரப்பின் விடை.

எந்தப் படியைத் தொடுவது என்று ஜிபியுவுக்கு யார் சொல்வது? அது தூரத்தை அளப்பதில்லை என்பது எனக்குப் பல வருடங்களாகத் தெரியாத செய்தி. பிக்சல்களை அது எப்போதும் 2-க்கு 2 கட்டங்களாகச் சேர்த்தே கணக்கிடுகிறது. பரப்பின் மேல் ஒட்டும் படத்தை டெக்ஸ்சர் என்பார்கள்; அதில் எந்த இடம் என்று சொல்லும் எண்தான் ஆயம். வலப்பக்கத்துப் பிக்சலின் டெக்ஸ்சர் ஆயத்திலிருந்து இந்தப் பிக்சலின் ஆயத்தைக் கழித்தால் பக்கவாட்டில் எத்தனை டெக்செல் தாண்டினோம் என்று தெரிகிறது. மேல் கீழாகவும் அப்படியே. இரண்டில் பெரியதை எடுத்து அதன் 2 அடிமான மடக்கையைப் பார்த்தால் அதுதான் படி எண். 8 டெக்செல் தாண்டினால் 3-வது படி, 64 தாண்டினால் 6-வது படி.

இது தெரிந்திருந்தால் வேறொரு வேலையில் நான் இரண்டு நாள் தொலைத்திருக்க மாட்டேன். அங்கே, ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரலான ஷேடரில், ஆயத்தை `fract()` போட்டு நானே 0-க்கும் 1-க்கும் இடையில் மடித்திருந்தேன். ஒவ்வொரு மடிப்பிலும் மெல்லிய அழுக்குக் கோடு ஒன்று விழுந்தது. ஒரு பிக்சல் 0.99-லும் பக்கத்துப் பிக்சல் 0.01-லும் இருக்க, ஜிபியு கழித்துப் பார்த்து, ஏறத்தாழ முழுப் படத்தையும் தாண்டிவிட்டதாக நினைத்துக் கடைசிப் படிக்கு ஓடியிருக்கிறது. கடைசிப் படி முழுப் படத்தின் சராசரி நிறம். அதுதான் அந்த அழுக்கு. மடிக்கும் வேலையை டெக்ஸ்சர் அமைப்பின் `REPEAT`-இடம் விட்டுவிட்டாலோ, மடிப்பதற்கு முந்தைய ஆயத்தின் வித்தியாசத்தை `textureGrad`-இல் கையால் கொடுத்தாலோ கோடு மறையும்.

காரிடாருக்கு வருவோம். வில்லியம்ஸின் அந்தப் படி அடுக்கை மிப்மேப் என்பார்கள். அது என் நிரலில் ஏன் இல்லாமல் போனது என்று தேடினேன். பிரவுசரில் முப்பரிமாணம் வரைய உதவும் வெப்ஜிஎல்-இல், டெக்ஸ்சரைச் சிறிதாக்கிக் காட்டும்போது பயன்படும் சுருக்க வடிகட்டி, நாம் எதுவும் சொல்லாவிட்டால், `NEAREST_MIPMAP_LINEAR`. அதாவது மிப்மேப் படிகள் உண்டு என்றே அது எதிர்பார்க்கிறது. படிகளைத் தராவிட்டால் டெக்ஸ்சர் முழுமையடையாதது என்று கொள்ளப்பட்டுக் கறுப்பாக வரும். தொடக்கத்தில் தரை கறுப்பாக வந்தபோது நான் வடிகட்டியை `LINEAR` என்று மாற்றியிருந்தேன். படம் வந்துவிட்டது, அத்தோடு எறும்பும் வந்துவிட்டது. உண்மையில் செய்திருக்க வேண்டியது இந்த இரண்டு வரிகள்:

```js
gl.generateMipmap(gl.TEXTURE_2D);
gl.texParameteri(gl.TEXTURE_2D, gl.TEXTURE_MIN_FILTER,
                 gl.LINEAR_MIPMAP_LINEAR);
```

அந்த நீண்ட பெயரில் முதல் `LINEAR` ஒரு படிக்குள் பக்கத்து நான்கு டெக்செலைக் கலப்பது. கடைசி `LINEAR` இரண்டு படிகளைத் தமக்குள் கலப்பது. கடைசியில் `NEAREST` என்று போட்டால் படி மாறும் இடத்தில் தரையில் ஒரு கோடு தெரியும். நாம் நடக்க நடக்க அதுவும் நமக்கு முன்னால் நடக்கும். எங்கள் 16 மீட்டர் கணக்கில் பிக்சலின் தடம் 8.8-க்கு 87.6 டெக்செல். பெரியது 87.6, படி எண் 6.45. 6-வது படியிலிருந்து 55 சதவீதமும் 7-வதிலிருந்து 45 சதவீதமும் எடுத்துக் கலக்கிறது.

எறும்புகள் போயின. ஒன்றுகூட இல்லை. ராட்சச டைல்ஸும் இல்லை. படம் ஓடுவதும் இலகுவானது. அதுவரை பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் நினைவகத்தில் எங்கெங்கோ சிதறிய டெக்செல்களை இழுத்துக்கொண்டிருந்தன. இப்போது சின்னப் படியில் ஒட்டியிருக்கும் டெக்செல்களை எடுக்கின்றன, ஒருமுறை கொண்டுவந்தது பலருக்கும் பயன்படுகிறது. கூடுதல் நினைவகம் கேட்கும் ஒன்று வேகத்தையும் கூட்டுவது அதனால்தான்.

ஆனால் தரை ஒரு மாதிரி இருந்தது. பத்து மீட்டரைத் தாண்டியதும் யாரோ மெழுகு பூசியதுபோல மங்கியிருந்தது. சிவப்புப் பட்டை கரைந்து இளஞ்சிவப்புப் புகையாகப் பரவியிருந்தது. பட்டை 10 சென்டிமீட்டர். 16 மீட்டரில் அது திரையில் கிட்டத்தட்ட 6 பிக்சல் அகலம் இருக்க வேண்டும். நன்றாகத் தெரிய வேண்டிய அகலம். ஏன் கரைந்தது? 6-வது படியில் 2 மீட்டருக்கு 16 டெக்செல்தான், ஒன்று 12.5 சென்டிமீட்டர். 7-வது படியில் 25 சென்டிமீட்டர். பட்டையைவிட டெக்செல் பெரிது.

இந்த இடத்தில் பலரும் செய்வதை நானும் செய்தேன்: படி எண்ணைக் கையால் குறைப்பது. ஷேடரில் `texture(tex, uv, -1.0)` என்று எழுதினால் ஜிபியு ஒரு படி கூர்மையானதை எடுக்கும். பட்டை கொஞ்சம் தெளிந்தது. டைல்ஸ் லேசாகத் துடிக்கத் தொடங்கியது. -2.0 என்று போட்டேன். பட்டை நன்றாகத் தெளிந்தது, எறும்புகள் திரும்பி வந்துவிட்டன. மங்கலும் கொதிப்பும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள்போல ஆடின. எந்த எண்ணைப் போட்டாலும் ஒன்று சரியாகி மற்றொன்று கெட்டது.

கெடுவதற்கான காரணம் அந்த மூன்றாவது வரியில் இருந்தது. நீளம் ÷ அகலம் = z / h. 16 மீட்டரில் 16 ÷ 1.6, அதாவது 10. பிக்சலின் தடம் ஒன்றுக்குப் பத்து நீளமுள்ள ஒரு துண்டு, புடவைத் தலைப்பை நீட்டிப் போட்டதுபோல. மிப்மேப்பின் ஒவ்வொரு டெக்செலும் சதுரம். சதுரத்தால் அந்தத் துண்டை மூட வேண்டுமானால் 87.6-க்கு 87.6 அளவுச் சதுரம் வேண்டும். அது பக்கவாட்டில் பத்து மடங்கு இடத்தைச் சம்பந்தமில்லாமல் கூட்டிக்கொள்கிறது. அதுதான் கரைந்த பட்டை. அகலத்துக்குப் பொருந்தும் 8.8 சதுரத்தை எடுத்தால் நீளத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் பார்க்கிறோம். அதுதான் எறும்பு. சதுரத்தின் அளவை மாற்றி மாற்றிப் பார்ப்பதால் தீராத குறை, வடிவமே பொருந்தவில்லை.

பொருத்துவதற்கு வழி: அகலத்துக்குப் பொருந்தும் சிறிய சதுரங்களை எடுத்து, நீளவாட்டில் வரிசையாக அடுக்கி, எல்லாவற்றின் சராசரியையும் எடுப்பது. இதுதான் அனைசோட்ரோபிக் ஃபில்டரிங். திசைக்குத் திசை மாறுபடும் வடிகட்டல் என்று பொருள். ஜிபியு ஏற்கெனவே இரண்டு திசையிலும் எத்தனை டெக்செல் தாண்டினோம் என்று கணக்கிட்டு வைத்திருக்கிறது. பெரியதைச் சிறியதால் வகுத்தால் எத்தனை சதுரம் வேண்டும் என்பது வருகிறது, நம் கணக்கில் 10. பெரியதை அந்த எண்ணால் வகுத்து மடக்கை எடுத்தால் படி எண்: 87.6 ÷ 10 = 8.76, அதாவது 3.13. 6.45-வது படியில் ஒருமுறை தொடுவதற்குப் பதில் 3.13-வது படியில் பத்து இடங்களில் தொடுகிறது. 3-வது படியில் டெக்செல் 1.6 சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டர் பட்டை அதில் தாராளமாகத் தெரியும். நீளவாட்டில் 87.6 டெக்செலும் கணக்கில் வந்துவிட்டதால் எறும்புக்கும் இடமில்லை.

```js
const ext = gl.getExtension('EXT_texture_filter_anisotropic');
if (ext) {
  const max = gl.getParameter(ext.MAX_TEXTURE_MAX_ANISOTROPY_EXT);
  gl.texParameterf(gl.TEXTURE_2D,
                   ext.TEXTURE_MAX_ANISOTROPY_EXT, max);
}
```

பெரும்பாலான ஜிபியுவில் அந்த `max` 16 என்று வரும். டெஸ்க்டாப் ஓப்பன்ஜிஎல்-இல் இது நெடுநாள் நீட்டிப்பாகவே இருந்து 2017-ல் 4.6 பதிப்பில்தான் அடிப்படைத் தரத்துக்குள் வந்தது. மிப்மேப் இல்லாமல் இதை மட்டும் போட்டுப் பயனில்லை. அடுக்குவதற்குச் சதுரங்கள் வேண்டுமே. 16 என்பது உச்சவரம்பு மட்டும்தான் என்பதையும் சொல்ல வேண்டும். நேருக்கு நேர் பார்க்கும் சுவரில் தடம் சதுரமாகவே இருப்பதால் ஒரே தொடுதல். தூரத்துத் தரையில்தான் 16 தொடுதல். ஒவ்வொன்றும் இரண்டு படிகளில் நான்கு நான்கு டெக்செல், ஆக மிக மோசமான பிக்சலுக்கு 128 டெக்செல் வாசிப்பு. அப்படிப்பட்ட பிக்சல்கள் திரையில் ஒரு மெல்லிய பட்டையில்தான் இருக்கின்றன. சாதாரண ஃபோன்களுக்கு 4 என்று வைத்துப் பார்த்தேன்; கிடைக்கும் தெளிவில் பெரும்பங்கு முதல் சில மடங்குகளிலேயே வந்துவிடுகிறது.

உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று கண்ணால் மட்டும் தீர்மானிக்க எனக்கு மனமில்லை. தரைப் படத்தை எடுத்துவிட்டு, `texImage2D`-இன் இரண்டாவது இடத்தில் 0 முதல் 10 வரை படி எண் கொடுத்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு தனி நிறம் ஏற்றினேன். காரிடார் வானவில்லாக மாறியது. எந்தத் தூரத்தில் எந்தப் படி ஓடுகிறது என்று பட்டை பட்டையாகத் தெரிந்தது. மிப்மேப் மட்டும் இருந்தபோது 3-வது படியின் நிறம் 5 மீட்டருக்கு உள்ளேயே முழுதாக வந்துவிட்டது. 14 மீட்டருக்குள் 6-வது படி. 16 மடங்கு போட்டதும் அதே 3-வது படியின் நிறம் ஏறத்தாழ 15 மீட்டருக்குத் தள்ளிப்போய் நின்றது. ஜிபியுவின் ஓட்டுநர் மென்பொருள் அமைப்பில் யாராவது இதை நிறுத்தி வைத்திருந்தால், நிரல் என்ன சொன்னாலும் பட்டைகள் நகராது. எந்தப் புதுக் கணினியில் போட்டாலும் முதலில் இந்த நிறப்படத்தைத்தான் இப்போது ஏற்றிப் பார்க்கிறேன்.

அதே சோதனையின்போது இன்னொரு குறை கண்ணில் பட்டது. அசல் படத்தைத் திரும்ப ஏற்றியபோது காரிடார் தூரம் போகப் போக இருட்டிக்கொண்டே போனது. விளக்கு குறைவு என்று நினைத்திருந்தேன். கறுப்பு 0, வெள்ளை 255. எண்களை அப்படியே சராசரி எடுத்தால் 127 வருகிறது. ஆனால் படக்கோப்பில் உள்ள எண்கள் ஒளியின் அளவல்ல, வளைத்து எழுதப்பட்டவை. பாதி ஒளிக்கு உரிய எண் ஏறத்தாழ 188. 127 என்பது கால்பங்கு ஒளிக்கும் குறைவு. டெக்ஸ்சரை `SRGB8_ALPHA8` என்று அறிவித்து, ஷேடரின் கடைசியில் நிறத்தை மறுபடி வளைத்து எழுதியபிறகு சராசரி ஒளியின் அளவில் எடுக்கப்பட்டு, தூரத்துத் தரை வெளிச்சத்துக்கு வந்தது. சிறு சிறு கறுப்பு வெள்ளை உள்ள எந்தப் படமும் தூரத்தில் இருட்டினால் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

டைல்ஸின் பளபளப்புக்காக நான் போட்டிருந்த மேடுபள்ளப் படத்தில் மட்டும் இன்னும் சில மினுக்கங்கள் மிச்சம் இருந்தன. மேடுபள்ளத்தைச் சராசரி எடுத்தால் தரை வழவழப்பாகிவிடுகிறது. விளக்கின் பிரதிபலிப்பு ஊசிமுனைபோலக் கூர்மையாகி ஒரு பிக்சலில் தெரிந்து அடுத்ததில் மறைகிறது. அந்த மினுக்கம் டெக்ஸ்சர் வாசிப்புக்குப் பிறகு ஷேடரில் பிறப்பது. வடிகட்டி அதைத் தொட முடியாது. தூரம் போகப் போகச் சொரசொரப்பைக் கூட்டுவதுதான் அதற்கு மருந்து. அது தனியாக எழுத வேண்டிய கதை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இன்ஜினீயரிடம் மறுபடி காட்டினேன். அவர் சக்கர நாற்காலியில் வருபவர் பார்வையில் ஒருமுறை காட்டச் சொன்னார். கண் உயரத்தை 1.2 மீட்டராக இறக்கினேன். பட்டை 20 மீட்டரை ஒட்டியே மெல்ல மங்கத் தொடங்கியது. நடப்பவருக்கு z / h என்ற விகிதம் 16-ஐத் தொடுவது 25.6 மீட்டரில், இவருக்கு 19.2 மீட்டரிலேயே தொட்டுவிடுகிறது. அதற்கு மேல் அடுக்கச் சதுரம் இல்லாததால் ஜிபியு ஒவ்வொரு சதுரத்தையும் பெரிதாக்கிக்கொள்கிறது. தரையோடு ஒட்டிப் போகும் பந்தயக் கார் விளையாட்டுகளில் சாலைக் கோடு சீக்கிரம் மங்குவதும் இதனால்தான். அங்கே கேமரா முழங்கால் உயரத்தில் இருக்கிறது. வரம்பைத் தாண்டியபின் மங்கல் வருகிறது, எறும்பு வருவதில்லை. தவற வேண்டியிருந்தால் அந்தப் பக்கம் தவறுவதே நல்லது என்று நினைக்கிறேன்.

அவருக்கு இன்னொரு கேள்வி மிச்சமிருந்தது. "கடைசில டைல்ஸே தெரியலையே தம்பி, வெறும் சாம்பலா இருக்கு. படம் லோடு ஆகலையா?" அவருடைய அலுவலகக் கட்டடத்திலேயே அதேபோல ஒரு நீளக் காரிடார் இருந்தது, கறுப்பு வெள்ளைத் தரையோடு. நல்ல பார்வை உள்ள கண் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்துப் பார்க்கும். 1.6 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் 25 சென்டிமீட்டர் டைலின் நீளம் அந்த அளவுக்குச் சுருங்குவது ஏறத்தாழ 37 மீட்டரில் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். வாசலருகே போய் நின்றோம். முன்னால் கட்டங்கள் துல்லியமாக இருந்தன. பாதிக்கு மேல் போனதும் குறுக்குக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டின. அதற்கும் அப்பால் கடைசிக் கதவு வரை ஒரே சாம்பல் தரை, இரு ஓரமும் தெளிவாக. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.